வெத்து ஒற்றையும் நாலு இதய வால்வும்: கிளாஸ் முடிஞ்சு வந்து எழுதிப் பாத்த கதை

முதல் தரம் ஏ.எல். எடுக்கேக்க பயோவில எனக்கு சி தான் வந்தது. படிக்காமப் போய் சி எடுத்திருந்தா மனசு ஆறியிருக்கும், நான் படிச்சனான், நோட்ஸ் முழுக்க மஞ்சள் ஹைலைட்டர் அடிச்சு அஞ்சாறு தரம் வாசிச்சனான். சோதனை மண்டபத்தில இதயத்துடிப்பு எப்பிடிக் கடத்தப்படுது எண்ட கேள்வியைப் பாத்தவுடன என்ன நடந்தது தெரியுமோ, அந்தப் பாடம் என்ர கொப்பியில எந்தப் பக்கம், இடப்பக்கக் கீழ்மூலையில மஞ்சள் கோடு, பக்கத்தில தேத்தண்ணி சிந்தின கறை, எல்லாம் கண்ணுக்குள்ள அப்பிடியே நிக்குது. அந்த மஞ்சள் கோட்டுக்குக் கீழ என்ன எழுதியிருந்தது எண்டது மட்டும் வரேல்ல.

இரண்டாம் தரத்துக்கு சனிக்கிழமையில கிளிநொச்சிக்கு கிளாஸ் போகத் தொடங்கினன். வீடு விசுவமடுப் பக்கம், பரந்தனால சுத்தி பஸ்ஸில போய் வாறது. அங்க படிப்பிச்ச மிஸ் முதல் நாளே கிளாஸ் முடியேக்க எல்லாருக்கும் ஒரு வெத்து ஒற்றை தந்தா. "கொப்பியை மூடுங்கோ பிள்ளையள், இண்டைக்கு நான் சொன்னதில உங்களுக்கு என்ன ஞாபகம் இருக்கோ எல்லாத்தையும் இதில கொட்டுங்கோ, கேள்வி ஒண்டும் இல்லை, மாக்ஸும் இல்லை" எண்டா. எனக்குப் பக்கத்தில இருந்த புதுக்குடியிருப்புப் பிள்ளை "கேள்வி இல்லாம எதை மிஸ் எழுதுறது?" எண்டு கேட்டாள். "அதைத்தான் பிள்ளை பாக்கப்போறம்" எண்டு மிஸ் சிரிச்சா.

இதை வீட்டில நானா ஒழுங்காச் செய்யப் பழக ஒரு மாசத்துக்குக் கிட்ட எடுத்தது. அதில நான் விட்ட பிழையளையும் சேத்துச் சொல்லுறன், ஏனெண்டா வெறுமனே "எழுதிப் பாருங்கோ" எண்டு சொன்னா எல்லாரும் நான் விட்ட அதே பிழையைத்தான் விடுவினம்.

முதல் பிழை நேரம். கிளாஸ் முடிஞ்ச கையோட பஸ் ஸ்டாண்டில இருந்துகொண்டு எழுதினன். மளமளவெண்டு ஒண்டரைப் பக்கம் வந்தது, எனக்குப் பெரிய புளுகம். வீட்டை வந்து கொப்பியோட ஒப்பிட்டுப் பாத்தா முக்காவாசி சரி. சரி, இந்தப் பாடம் முடிஞ்சுது எண்டு மூடி வச்சிட்டன். திங்கள் காலமை ஒரு சந்தேகத்தில திருப்பி ஒரு ஒற்றை எடுத்து எழுதினா அரைப் பக்கம் வரவே மூச்சு வாங்குது. அப்பதான் விளங்கினது, பஸ் ஸ்டாண்டில நான் எழுதினது படிச்சது இல்லை, மிஸ்ஸின்ர குரல் காதுக்குள்ள இன்னும் ஓடிக்கொண்டு இருந்தது, அதைத்தான் பாத்து எழுதின மாதிரி எழுதியிருக்கிறன்.

இதை மிஸ்ஸிட்டச் சொன்ன நேரம் அவா ஒரு ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னா. 2006ல அமெரிக்காவில ரோடிகர், கார்பிக் எண்ட இரண்டு பேர் கம்பஸ் பிள்ளையளுக்கு சின்னச் சின்னப் பாடப்பகுதியளைக் குடுத்துப் பாத்தவையாம். ஒரு கூட்டம் அதையே நாலு தரம் வாசிச்சது. இன்னொரு கூட்டம் ஒருக்கா வாசிச்சிட்டு மூண்டு தரம் வெத்துத் தாளில ஞாபகத்தில இருந்து எழுதினது. அஞ்சு நிமிசம் கழிச்சுச் சோதிச்சா வாசிச்ச ஆக்கள்தான் கூட, 83 வீதம், எழுதின ஆக்கள் 71. ஆனா ஒரு கிழமை கழிச்சுச் சோதிச்சா வாசிச்ச ஆக்கள் 40க்கு விழுந்திட்டினம், எழுதின ஆக்கள் 61ல நிண்டவை. இதில எனக்குச் சுட்ட இடம் என்னெண்டா, தங்களுக்கு நல்லா ஞாபகம் இருக்கும் எண்டு கூட நம்பினது அந்த நாலு தரம் வாசிச்ச கூட்டம்தானாம். அது அப்பிடியே நானும் என்ர மஞ்சள் ஹைலைட்டரும்.

அதுக்குப் பிறகு நான் வச்சுக்கொண்ட முறை இதுதான். கிளாஸ் முடிஞ்சு வாற பஸ்ஸில ஒண்டும் எழுதிறதில்லை, யன்னலால பாத்துக்கொண்டு வாறது. வீட்டை வந்து குளிச்சுச் சாப்பிட்டு, அம்மாவோட நாலு கதை கதைச்சு, தலைக்குள்ள வேற விசயங்கள் வந்தாப் பிறகு இரவு எட்டு எட்டரைக்கு முதல் ஒற்றை. அதே பாடத்துக்கு இரண்டாவது ஒற்றை திங்கள் இரவு. முதல் ஒற்றை கிளாஸில எனக்கு என்ன விளங்கினது எண்டு காட்டும், திங்கள் ஒற்றைதான் என்ன மிஞ்சியிருக்குது எண்டு காட்டும். இரண்டையும் ஒண்டெண்டு நினைச்சா பஸ் ஸ்டாண்டில நான் ஏமாந்த மாதிரி ஏமாற வேண்டியதுதான்.

எழுதிறது பன்னிரண்டு நிமிசம், போன்ல அலாரம் வச்சிட்டு போனைக் கவிட்டு வைக்கிறது. ஒற்றைக்கு மேல பாடத்தின்ர பேர் மட்டும், உப தலைப்பு ஒண்டும் எழுதிறதில்லை, ஏனெண்டா உப தலைப்பைப் போட்டா அது துப்புக் குடுத்த மாதிரி, சோதனையில அந்தத் துப்பு வராது. வசனம் அழகா வரவேணும் எண்டும் இல்லை, படம், அம்புக்குறி, அரைகுறைச் சொல் எதுவும் பரவாயில்லை. ஒண்டு மட்டும் கட்டாயம், கொப்பி அடுத்த அறையில இருக்கவேணும். மேசையில மூடி வச்சிருந்தா கை தானாப் போகும், எனக்குப் போனது.

இப்ப ஒரு பாடத்தை எடுத்து முழுக்கச் சொல்லுறன், அது அதே இதயப் பாடம், என்னைச் சோதனையில விழுத்தினது.

சனி இரவு முதல் ஒற்றையில நான் எழுதினது கிட்டத்தட்ட இவ்வளவுதான். இதயத்துக்கு நாலு அறை, மேல இரண்டு சோணையறை, கீழ இரண்டு இதயவறை. எஸ்.ஏ. கணு துடிப்பைத் தொடக்கும், பிறகு ஏ.வி. கணு, பிறகு புர்க்கிஞ்சி நார். ஒரு இதய வட்டம் 0.8 செக்கன். லப் டப் எண்டு இரண்டு சத்தம், வால்வு மூடுறதால வாறது. லப் அரைமதி வால்வு, டப் இருகூர் முக்கூர் வால்வு. அதோட எட்டு நிமிசத்தில பேனை நிண்டிட்டுது.

பேனை நிக்கிற இடம் முக்கியமான இடம். அதில எழும்பிப் போய் கொப்பியைத் திறக்கத்தான் எல்லாருக்கும் மனம் வரும். நான் மிச்ச நாலு நிமிசமும் வம்புக்கு அப்பிடியே இருந்தன். இருந்து இதயத்தின்ர படத்தைக் கீறினன், கீறேக்க சோணையறைக்கும் இதயவறைக்கும் நடுவில ஒரு நார்ப்படை இருக்கெண்டு மிஸ் சொன்னது ஞாபகம் வந்தது, அது ஏன் எண்டது வரேல்ல. வந்ததை எழுதி, வராததுக்கு ஒரு கேள்விக்குறி போட்டன். கடைசி நாலு நிமிசத்தில கஸ்டப்பட்டு வந்த அந்த ஒரு வரி இண்டைக்கும் மறக்கேல்ல.

பிறகுதான் கொப்பி. இங்க நான் விட்ட இரண்டாவது பிழை, விடுபட்டதை எல்லாம் சிவப்புப் பேனையால நிரப்பினன். நிரப்பி முடிய ஒற்றை முழுக்கச் சிவப்பு, பாக்க வயித்தைக் கலக்குது, எது முக்கியம் எது சில்லறை எண்டு தெரியேல்ல. மிஸ் அதைப் பாத்திட்டு, "விட்டதும் பிழையா எழுதினதும் ஒண்டில்லை பிள்ளை, விட்டதைப் பச்சையால எழுது, பிழையா எழுதினதை மட்டும் சிவப்பால வட்டம் போடு" எண்டா. சின்ன விசயம்தான், ஆனா எனக்கு முழுக்க மாறினது அதோடதான்.

அந்த ஒற்றையைத் திருப்பிப் பிரிச்சா பச்சை நிறைய, சிவப்பு ஒண்டே ஒண்டு. லப் டப்பை மாறி எழுதியிருக்கிறன். லப் எண்டது இதயவறை சுருங்கத் தொடங்கேக்க சோணையறைக்கும் இதயவறைக்கும் நடுவில இருக்கிற இருகூர், முக்கூர் வால்வுகள் மூடுற சத்தம், டப் எண்டது இதயவறை தளரத் தொடங்கேக்க நாடியள் வெளிக்கிடுற வாயில இருக்கிற அரைமதி வால்வுகள் மூடுற சத்தம். பச்சையில விட்டது எனக்கே தெரியும், பேனை நிக்குது, அதால திருப்பிப் படிப்பன். சிவப்பு அப்பிடியில்லை, நான் சரி எண்டு நம்பி, பேனை நிக்காம, வடிவா எழுதினது. கொப்பியைப் பாத்திராட்டி சோதனையிலயும் அப்பிடியேதான் எழுதியிருப்பன். அதைவிட, ஒருக்கா பிழையா எழுதிப் பாத்தது அடுத்த தரமும் பிழையாவே வரப் பாக்கும், அதால கொட்டி எழுதிப்போட்டு சரிபாக்காம நித்திரைக்குப் போறதிலும் பாக்க எழுதாம விடுறது நல்லம் எண்டுதான் நான் சொல்லுவன்.

சிவப்பை எப்பிடித் திருத்திறது? "லப் எண்டா இருகூர் முக்கூர்" எண்டு பத்துத் தரம் எழுதினா திங்களுக்குள்ள திருப்பி மாறிப்போகும், வேற பாடங்களில எனக்கு அப்பிடி மாறினது. ஏன் மாறுது எண்டு பாக்கவேணும். நான் வால்வை இரணைமடுக் குளத்து வான்கதவு மாதிரி நினைச்சிருக்கிறன், ஆரோ நிண்டு திறக்க திறக்கும், மூட மூடும், அதால எது எப்ப மூடினாலும் எனக்கு ஒண்டுதான். உண்மையில இதய வால்வை ஒருத்தரும் திறக்கிறதில்லை. எங்கட மிளகாய்த் தோட்டத்தில அப்பா வாட்டர் பம்புக்குப் போடுற குழாயின்ர கிணத்து நுனியில ஒரு ஃபுட் வால்வ் இருக்கு, பம்ப் இழுக்கேக்க தண்ணி தள்ளித் திறக்கும், பம்ப் நிண்டா குழாய்க்குள்ள நிக்கிற தண்ணி பாரத்திலயே மூடிக்கொள்ளும். இதயமும் அதுதான். இதயவறை சுருங்க உள்ளுக்கு அமுக்கம் சோணையறையை விடக் கூடுது, ரத்தம் பின்னால தள்ளப் பாக்கேக்க இருகூர் முக்கூர் அடிச்சு மூடுது, லப். அமுக்கம் இன்னும் ஏறி வெளிய இருக்கிற நாடியின்ர அமுக்கத்தைத் தாண்டினவுடன அரைமதி திறக்குது, ரத்தம் போகுது. இதயவறை தளர அமுக்கம் விழுது, நாடிக்குள்ள போன ரத்தம் திரும்பி வரப் பாக்கேக்க அரைமதி மூடுது, டப். இப்பிடி விளங்கினாப் பிறகு ஆராலும் மாறி எழுத ஏலாது. இருகூர் முக்கூர் மூடினாப் பிறகும் அரைமதி திறக்க முதலும் நாலு வால்வும் மூடியிருக்கிற ஒரு சின்ன நேரம் இருக்கவேணும் எண்டதும் அண்டைக்கு எனக்குத் தானா விளங்கினது, அது கொப்பியில இருக்கேல்ல.

பச்சையளை நான் இரண்டாப் பிரிச்சன். ஒண்டு வெறும் தரவு, மற்றது காரணம். 0.8 செக்கன் எண்டு எழுதியிருக்கிறன், ஆனா அதின்ர பிரிப்பை விட்டிட்டன்: சோணையறைச் சுருக்கம் 0.1, இதயவறைச் சுருக்கம் 0.3, எல்லாம் தளர்ந்திருக்கிறது 0.4. இது தரவு, கூட்டிப் பாத்தா 0.8 வரும், நிமிசத்துக்கு 75 தரம் துடிச்சா 60ஐ 75ஆல பிரிக்க அதே 0.8, ஆனபடியா ஒண்டை மறந்தாலும் கணக்குப் போட்டு எடுக்கலாம். எம்சிகியூவில சோணையறை எவ்வளவு நேரம் தளர்ந்திருக்கு எண்டு கேட்டா 0.8ல 0.1ஐக் கழிச்சு 0.7. தரவுப் பச்சைக்கு இவ்வளவும் போதும்.

காரணப் பச்சை வேற. "எஸ்.ஏ. கணு, பிறகு ஏ.வி. கணு" எண்டு நான் எழுதின அந்த "பிறகு" எண்ட சொல்லைப் பாருங்கோ. அதுக்குள்ளதான் பாடமே இருக்குது, நான் ஒரு "பிறகு" போட்டு தாண்டிப் போயிருக்கிறன். மின்கணத்தாக்கம் சோணையறை முழுக்கப் பரவினாலும் அந்த நார்ப்படை அதைக் கீழ விடாது, ஏ.வி. கணுவால மட்டும்தான் இறங்கலாம், அங்க கிட்டத்தட்ட 0.1 செக்கன் தாமதிக்கும். அந்தத் தாமதத்துக்குள்ளதான் சோணையறை சுருங்கி மிச்ச ரத்தத்தை இதயவறைக்குள்ள விட்டு முடிக்குது. தாமதம் இல்லாட்டி இரண்டும் ஒரே நேரம் சுருங்கி ஒண்டோட ஒண்டு மல்லுக்கட்டும். அதுக்குப் பிறகு கணத்தாக்கம் முதல்ல இதயத்தின்ர அடி நுனிக்குப் போய் அங்கயிருந்து மேல வருது, ஏனெண்டா நாடியள் வெளிக்கிடுறது மேல, பற்பசையை அடியில இருந்து அமத்தினாத்தான் வாயால வரும். என்ர கேள்விக்குறி போட்ட நார்ப்படைக்கும் இதோட விடை வந்திட்டுது.

அதுக்குப் பிறகு எந்த ஒற்றையிலயும் நான் முதல்ல தேடுறது "பிறகு", "அதால", "மூலம்" மாதிரிச் சொல்லுகளைத்தான். அதுக்குக் கீழ பென்சிலால கோடு இழுத்து "எப்பிடி?" எண்டு கேக்கிறது. பதில் சொல்ல ஏலுமெண்டா விடுறது, ஏலாட்டி அது மறந்ததில்லை, முதலே விளங்கேல்ல. விளங்காததை எத்தினை தரம் எழுதியும் பிரயோசனம் இல்லை, அடுத்த சனி மிஸ்ஸிட்டக் கேக்கிறதுக்கு கொப்பிக் கடைசிப் பக்கத்தில எழுதி வைக்கிறது.

திங்கள் இரவு இரண்டாவது ஒற்றை எழுதேக்க முதல் ஒற்றையைப் பாக்கக்கூடாது, எனக்கு அது பெரிய சோதனையாத்தான் இருந்தது. அந்த இதயப் பாடத்துக்குத் திங்கள் வந்தது ஒரு பக்கமும் நாலு வரியும். லப் டப் சரி. தாமதம் வந்தது, காரணத்தோட. 0.3ஐயும் 0.4ஐயும் மாத்தி எழுதியிருந்தன், கூட்டினா அப்பவும் 0.8 தான் வரும் எண்டதால கணக்கு என்னைக் காப்பாத்தேல்ல. சிவப்பு வட்டம் போட்டு, பக்கத்தில "ஓய்வு நேரம்தான் நீளம்" எண்டு எழுதினன். சனி ஒற்றையை விடத் திங்கள் ஒற்றை குறையத்தான் வரும் எண்டு நினைச்சிருந்தனான், சில பாடத்துக்குக் கூட வந்தது, அது நான் ஏதோ கெட்டிக்காரி எண்டதால இல்லை, சனி இரவு திருத்தினதும் சேந்து வந்ததால.

எல்லாத்துக்கும் இது சரிவராது எண்டதையும் சொல்லவேணும். பிசிக்ஸுக்கு இப்பிடிச் செய்து பாத்தன், சமன்பாடு எல்லாம் வடிவா வந்தது, கணக்கைத் தந்தா கை ஓடேல்ல. அதில வெத்து ஒற்றையை விட கிளாஸில செய்த ஒரு கணக்கை விடை பாக்காம முதல்ல இருந்து செய்து பாக்கிறதுதான் உண்மையைச் சொல்லும். கெமிஸ்ட்ரியில அசேதனத்தில நிறங்கள், வீழ்படிவு எண்டு வாற நீட்டு லிஸ்டுக்கும் வெத்து ஒற்றை சரியான பாடு, முப்பதில பத்தொன்பது வரும், வராத பதினொண்டு எது எண்டே தெரியாது, அதுக்குச் சின்ன மட்டை வெட்டி முன்னுக்கு அயன், பின்னுக்கு நிறம் எழுதினது உதவினது. பயோவிலயும் எம்சிகியூக்கு இது தனியக் காணாது. ஒற்றையில நான் எனக்குத் தெரிஞ்ச வழியால போறன், கேள்வி போடுறவர் எனக்குத் தெரியாத வழியால வருவார், அதால திங்கள் ஒற்றை முடிஞ்சா செவ்வாய் அந்தப் பாடத்தில பாஸ் பேப்பர் கேள்வி பத்து.

இன்னொரு உபத்திரவம், ஒற்றையை வடிவாக்கிற ஆசை. என்னோட படிச்ச அந்தப் புதுக்குடியிருப்புப் பிள்ளை நாலு கலர் பேனையோட, ரூளர் வச்சு, படத்துக்கு நிழல் அடிச்சு எழுதுவாள். ஒருநாள் பாத்தா கொப்பியைப் பக்கத்தில விரிச்சு வச்சிருக்கிறாள். "என்னடி இது?" எண்டன். "படம் பிழைச்சா அசிங்கமா இருக்குமடி" எண்டாள். பிழைக்கத்தானே எழுதிறது! பிறகு அவளே தன்ர தம்பியின்ர பழைய சி.ஆர். கொப்பிப் பின்பக்கத்தில கிறுக்கத் தொடங்கினாள். மற்றவைக்குக் காட்ட ஏலாத தாள் எண்டா ஒளிப்பு மறைப்பு இல்லாம வருது போல. அடுப்பு மூட்ட எடுக்கிற தாளில எழுதினா இன்னும் நல்லம்.

நான் ஆனா என்ர ஒற்றையளை எறியேல்ல, ஒவ்வொண்டிலயும் திகதி போட்டு பாடவாரியாக் குத்தி வச்சன். சோதனைக்கு முதல் கிழமை முழு நோட்ஸையும் வாசிக்க நேரம் இல்லை, சிவப்பு வட்டங்களை மட்டும் பாத்தன், எல்லாப் பாடத்துக்கும் சேத்து ஒரு பின்னேரத்தில முடிஞ்சுது. இரண்டாம் தரம் பயோவுக்கு பி வந்தது. ஏ வரேல்ல, தாவரப் பகுதியில இந்த முறையை நான் தொடங்கவே பிந்திப்போச்சு, அந்தப் பாடங்களுக்கு என்னட்ட இருந்தது ஹைலைட்டர் அடிச்ச நோட்ஸ்தான்.

இப்ப பக்கத்து வீட்டுத் தங்கச்சி ஓ.எல். படிக்கிறாள், வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு ஒற்றை குடுத்துப் பாத்தன். மூண்டு வரி எழுதிப்போட்டு, "அக்கா, அவ்வளவுதான்" எண்டாள். "இன்னும் ஒன்பது நிமிசம் கிடக்கு, இரு" எண்டன். கோழி கூப்பிடுது, பம்ப் சத்தம் கேக்குது, பேனையைக் கடிக்கிறாள், கூரையைப் பாக்கிறாள். ஏழாம் நிமிசம் திடீரெண்டு குனிஞ்சு எழுதத் தொடங்கினாள்.